ஒரே அறிக்கை, மூன்று உடல்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வரும் ஏ.என்.ஏ. அறிக்கையில் முக்கியமானவை மூன்றே விவரங்கள். முடிவு: பாசிட்டிவ். டைட்டர்: 1:320. வடிவம்: ஸ்பெக்கிள்டு, அதாவது புள்ளிப்புள்ளியாக. இதைக் கையில் வாங்குபவருக்கு உடனே எழும் கேள்வி, ‘எனக்கு லூபஸ் இருக்கிறதா?’ என்பதுதான். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இது: அந்தக் கேள்விக்கு அறிக்கையில் விடை கிடையாது. ஒரே டைட்டரும் ஒரே வடிவமும் கொண்ட அறிக்கை, செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள இந்த முப்பது கிலோமீட்டருக்குள் வாழும் மூன்று பேரிடம் மூன்று வெவ்வேறு பொருள் தரலாம். அடுத்து என்ன பரிசோதனை செய்வது என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்த உடலில் தெரியும் அறிகுறிகள்தான். எண்ணும் வடிவமும் அதற்குத் துணை நிற்பவை.

முதலில் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். நம் செல்லின் உட்கருவில் உள்ள பொருள்களையே எதிரியாகக் கருதி ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களைத் தேடுவதுதான் ஏ.என்.ஏ. பரிசோதனை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மால்கம் ஹார்கிரேவ்ஸ் குழுவினர் லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில், வேறொரு செல்லின் உட்கருவை விழுங்கி நிற்கும் வெள்ளணுக்களைக் கண்டார்கள். அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஜார்ஜ் ஃப்ரையோ, ஒளிரும் சாயத்தைக் கொண்டு இந்த எதிர்ப்பொருள்களை நேரடியாகக் காணும் முறையை உருவாக்கினார். இன்றும் அடிப்படை அதுதான். கண்ணாடித் தகட்டில் ஹெப்-2 என்ற மனித செல்கள் ஒற்றைப் படலமாக வளர்க்கப்பட்டிருக்கும். நோயாளியின் சீரத்தை நீர்த்து அதன்மேல் விட்டு, அரை மணி நேரம் வைத்துக் கழுவுவார்கள். உட்கருவில் ஒட்டிய எதிர்ப்பொருள் மட்டும் கழுவலில் போகாமல் தங்கும். பிறகு, மனித எதிர்ப்பொருளைத் தேடிப் பற்றும் சாயமேற்றிய இன்னொரு எதிர்ப்பொருளை ஊற்றிக் கழுவி, இருட்டறையில் ஃப்ளூரசன்ஸ் நுண்ணோக்கியில் வைத்தால், பாசிட்டிவான தகட்டில் உட்கருக்கள் பச்சையாக ஒளிரும். சீரத்தை மேலும் மேலும் நீர்த்துக்கொண்டே போய், பச்சை கண்ணுக்குத் தெரிகிற கடைசி நீர்ப்பைக் குறித்துக்கொள்வார்கள். அதுவே டைட்டர். 1:320 என்றால், 320 மடங்கு நீர்த்த பிறகும் ஒளி தெரிந்தது என்று பொருள்.

இங்கேயே இரண்டு எச்சரிக்கைகள். நீர்ப்பு ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாவதாலும், ஒளி தெரிகிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் ஒரு மனிதக் கண் தீர்மானிப்பதாலும், ஒரே ரத்தம் ஒரு கூடத்தில் 1:160 என்றும் இன்னொன்றில் 1:320 என்றும் வரக்கூடும். ஒரு படி வித்தியாசத்தை நோய் ஏறியதாகவோ இறங்கியதாகவோ படிக்கக் கூடாது. அடுத்து, நம் ஊரில் பல கூடங்கள் 1:40, 1:80 என்ற வரிசையைப் பின்பற்றுவதில்லை. 1:100இல் தொடங்கி 1:320, 1:1000 என்று போகும் தகடுகளைப் பயன்படுத்துகின்றன. சில அறிக்கைகளில் எண்ணுக்குப் பதில் கூட்டல் குறிகள் மட்டுமே இருக்கும். எலைசா முறையில் செய்த பரிசோதனையானால் டைட்டரும் இருக்காது, வடிவமும் இருக்காது. அதனால் அறிக்கையில் எந்த முறையில், எந்த நீர்ப்பிலிருந்து தொடங்கினார்கள் என்று பார்க்காமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

எண் எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும்? இந்தக் கேள்விக்கு நல்ல சான்று 1997இல் வெளிவந்தது. எங் டான் தலைமையில், பல நாடுகளைச் சேர்ந்த 15 ஆய்வுக்கூடங்கள் ஆரோக்கியமானவர்களின் சீரத்தைச் சோதித்தன. 1:40இல் 31.7 சதவீதம் பேர் பாசிட்டிவ். 1:80இல் 13.3, 1:160இல் 5.0, 1:320இல் 3.3 சதவீதம். அதாவது எந்த நோயும் இல்லாத நூறு பேரில் மூன்று பேருக்கு, பலரைத் தூங்கவிடாத அந்த 1:320 வரத்தான் செய்யும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் பெரியவர்கள் இருக்கும் ஓர் ஊரில், தாராளமாகவே வைத்துக்கொண்டு, 100 பேருக்கு லூபஸ் என்போம். லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய 98 சதவீதம் பேர் 1:80இல் பாசிட்டிவாக வருவார்கள். ஆக 98 பேர். மீதி 99,900 பேரில் 13.3 சதவீதம் என்றால் ஏறத்தாழ 13,287 பேர். எல்லோரையும் சோதித்தால் பாசிட்டிவ் வந்த ஆயிரம் பேரில் ஏழு பேருக்குத்தான் லூபஸ். 1:320ஐ எல்லையாக வைத்து, லூபஸ் உள்ள நூறு பேருமே அதைத் தாண்டுவதாகக் கொண்டாலும், பாசிட்டிவ் வந்த நூறு பேரில் மூன்று பேருக்கே நோய். இப்போது இன்னொரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். கன்னத்தில் வெயிலில் சிவக்கும் தடிப்பு, சிறுநீரில் புரதம், குறைந்த தட்டணுக்கள் என்று மருத்துவர் சந்தேகித்து அனுப்பும் நூறு பேர். அவர்களில் பாதிப் பேருக்கு லூபஸ் என்று கொண்டால், 1:80இல் பாசிட்டிவ் வரும் 56 பேரில் 49 பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும். பரிசோதனை மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் யார் என்பது மாறியதுதான் இவ்வளவு வித்தியாசத்துக்கும் காரணம்.

இந்தப் பாடத்தை இந்த மாவட்டம் வேறொரு பரிசோதனை வழியாக ஏற்கனவே ஒருமுறை கற்றுத் தந்திருக்கிறது. 1968இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, லட்சக்கணக்கான மக்களை உள்ளடக்கியது. தோலில் டியூபர்குலின் போட்டுப் பார்த்தபோது, மண்ணிலும் நீரிலும் வாழும் தீங்கற்ற உறவுக் கிருமிகளால் தூண்டப்பட்ட எதிர்வினை இங்கே மிகப் பரவலாக இருந்தது. தோல் வீங்கியதென்றால் நோய் எதிர்ப்பு மண்டலம் எதையோ சந்தித்திருக்கிறது என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது. காசநோய் யாருக்கு என்பதைச் சளியும் எக்ஸ்-ரேயும்தான் சொல்லின. ஏ.என்.ஏ.வும் இதே இயல்புடையது.

‘சரி, எண்தான் பொதுவானது. வடிவம் குறிப்பானதல்லவா?’ என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆம். எதிர்ப்பொருள் உட்கருவின் எந்தப் பகுதியில் ஒட்டுகிறதோ அந்தப் பகுதி ஒளிர்கிறது. டி.என்.ஏ.வோடும் அதைச் சுற்றியுள்ள ஹிஸ்டோன் புரதங்களோடும் ஒட்டினால் உட்கரு முழுவதும் ஒரே சீராக ஒளிரும். இது ஹோமோஜீனியஸ் வடிவம்; லூபஸிலும், ஐசோனியசிட், ஹைட்ரலசின் போன்ற மருந்துகள் தூண்டும் லூபஸிலும் காணப்படுவது. குரோமோசோம்களின் நடு முடிச்சான சென்ட்ரோமியரில் ஒட்டினால், எண்ணிவிடக்கூடிய சம அளவுப் புள்ளிகள் தெரியும். வடிவங்களிலேயே மிகத் தெளிவாகப் பேசுவது இதுதான். ஸ்கிளிரோடெர்மா என்ற தோல் இறுக்க நோயின் ஒரு வகையைச் சுட்டுகிறது. இன்னொரு முனையில், அடர்ந்த நுண்புள்ளி வடிவம் என்று ஒன்று உண்டு. டி.எஃப்.எஸ்.70 என்ற புரதத்தோடு ஒட்டும் எதிர்ப்பொருளால் வருவது. அது மட்டுமே இருந்து வேறெதுவும் இல்லையென்றால், நோய் இருக்கும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் நம் கூடங்களிலிருந்து அதிகம் வருவது வெறும் ‘ஸ்பெக்கிள்டு’. லூபஸுக்கே உரிய ஸ்மித் எதிர்ப்பொருளும், வாய்க்கண் வறட்சி நோயில் வரும் ரோ, லா எதிர்ப்பொருள்களும், ஸ்கிளிரோடெர்மாவில் வரும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் எதிர்ப்பொருளும், எந்த நோயும் இல்லாதவரின் ரத்தமும் இதே பெயரைத் தாங்கி வரலாம். வடிவம் அடுத்த கதவைக் காட்டலாம். அதைத் திறக்க வேண்டுமா என்பதை வடிவத்தைக் கொண்டு முடிவு செய்ய முடியாது.

இனி அந்த மூன்று பேரைக் கற்பனை செய்து பார்ப்போம். மூவர் கையிலும் ஒரே அறிக்கை: 1:320, ஸ்பெக்கிள்டு. முதலாமவர் செங்கல்பட்டு நகரில் வசிக்கும் முப்பது வயதுப் பெண். மாதக்கணக்கில் களைப்பு, முடி கொட்டுதல், உடம்பு வலி. மூட்டில் வீக்கமில்லை, தடிப்பில்லை, வாயில் புண்ணில்லை. இவருக்கு அடுத்துச் செய்ய வேண்டியவை விலை மலிந்த பரிசோதனைகள். முழு ரத்த எண்ணிக்கை, கிரியேட்டினின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுநீர். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது வலி இருக்காது, தொடக்கத்தில் கால் வீக்கமும் இருக்காது. சிறுநீரில் புரதமும் சிவப்பணுக்களும் மட்டுமே அதை வெளியே சொல்லும். தைராய்டைச் சோதிப்பதற்கும் காரணம் உண்டு. தைராய்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களுக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவாக வருவது சாதாரணம்; களைப்புக்கும் முடி கொட்டுவதற்கும் அதுவே விடையாகவும் இருக்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்தால் அங்கே நிறுத்திவிடலாம். ஏ.என்.ஏ.வை மாதாமாதம் திரும்பச் செய்யத் தேவையில்லை, ஏனென்றால் டைட்டரின் ஏற்ற இறக்கம் நோயின் போக்கைக் காட்டுவதில்லை. புதிதாக மூட்டு வீக்கமோ, வெயில் தடிப்போ, மூச்சிழுத்தால் நெஞ்சு வலியோ வந்தால் திரும்பி வரச் சொல்வதே சரியான தொடர் கவனிப்பு.

அதே பெண்ணின் சிறுநீரில் புரதம் இருந்துவிட்டால் பாதை முற்றிலும் மாறுகிறது. புரதம்–கிரியேட்டினின் விகிதத்தை அளந்து, அது 0.5க்கு மேல் என்றால், இப்போதுதான் இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடுவதில் பொருள் இருக்கிறது. எலைசா முறை இதைத் தவறவிடுவது குறைவு, ஆனால் இல்லாததையும் இருப்பதாகக் காட்டும். அதனால் சந்தேகம் இருந்தால் கிரித்திடியா முறையில் உறுதி செய்வார்கள். கிரித்திடியா என்பது ஓர் ஒற்றைச் செல் உயிரி. அதன் உட்கருவுக்கு வெளியே, வாலின் அடிப்பக்கம் சுருண்டு கிடக்கும் சிறு பொட்டு ஒன்று உண்டு. இரட்டை இழை டி.என்.ஏ. அங்கே நெருக்கமாக அடைந்திருக்கிறது, ஹிஸ்டோன் கலப்பு இல்லாமல். அந்தப் பொட்டு ஒளிர்ந்தால் எதிர்ப்பொருள் டி.என்.ஏ.வையேதான் பற்றுகிறது என்று நம்பலாம். கூடவே சி3, சி4 என்ற நிரப்புப் புரதங்களை அளப்பார்கள். எதிர்ப்பொருளும் அதன் இலக்கும் சேர்ந்து சிறுநீரகத்தில் படியும்போது இவை செலவாகிக் குறைகின்றன. இ.என்.ஏ. தொகுப்பில் ஸ்மித், ஆர்.என்.பி., ரோ, லா முதலியவற்றைப் பார்ப்பார்கள். ரத்தம் உறையும் போக்கைக் கூட்டும் ஃபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களையும் தேடுவார்கள்; அவை பாசிட்டிவானால் 12 வாரம் கழித்து மறுபடி சோதித்தே உறுதி செய்வார்கள். கடைசி வார்த்தை பெரும்பாலும் சிறுநீரகத் திசுவுடையது. ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் 2019இல் வெளியிட்ட லூபஸ் வகைப்பாடும் இதே ஒழுங்கில்தான் இருக்கிறது. ஏ.என்.ஏ. 1:80 என்பது அங்கே வாசற்படி மட்டும். உள்ளே போன பிறகு உறுப்புகளும் பிற பரிசோதனைகளும் சேர்ந்து பத்துப் புள்ளிகள் தர வேண்டும், அவற்றில் குறைந்தது ஒன்றாவது உடலில் தெரியும் அறிகுறியாக இருக்க வேண்டும்.

இரண்டாமவர் மாமல்லபுரத்தில் கருங்கல் செதுக்கும் சிற்பி. பல ஆண்டுகளாக உளியோடு கிரைண்டரும் கட்டரும் பிடித்த கை. குளிர்ந்த நீரில் கை வைத்தால் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கின்றன. சில மாதமாக வறட்டு இருமல். கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கல் கொத்துபவர்களுக்குத் தோல் இறுகுவதை ஸ்காட்லாந்தில் பைரம் பிராம்வெல் 1914இலேயே எழுதினார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் 1957இல் எராஸ்மஸ் அதையே கண்டார். சிலிக்கா, நுரையீரலில் அதைத் தின்னும் செல்களை இடைவிடாமல் எரிச்சலூட்டித் தன்னெதிர்ப்பை வளர்க்கிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல். அதிரும் கருவிகளை நீண்ட நாள் பிடிப்பவர்களுக்கு, ஸ்கிளிரோடெர்மா இல்லாமலேயே விரல் வெளுக்கும். சிலிக்கா படிந்த நுரையீரல் உள்ளவர்களுக்கு, தன்னெதிர்ப்பு நோய் இல்லாமலேயே ஏ.என்.ஏ. பாசிட்டிவாகலாம். பிரித்தறிய உதவுவது நகத்தின் அடி விளிம்பு. அங்கே ஒரு துளி எண்ணெய் விட்டு உருப்பெருக்கியில் பார்த்தால், சாதாரணமாகக் கொண்டை ஊசி போல் வரிசையாக நிற்கும் நுண்குழாய்கள், ஸ்கிளிரோடெர்மாவில் வீங்கியும் இடையிடையே அழிந்தும் தெரியும். அப்படித் தெரிந்தால் எஸ்.சி.எல்.-70, சென்ட்ரோமியர், ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-3 ஆகிய எதிர்ப்பொருள்கள், நெஞ்சுக்கு எச்.ஆர்.சி.டி., வாயுப் பரிமாற்ற அளவோடு நுரையீரல் திறன் பரிசோதனை. சிலிக்கா காசநோய்க்கும் வழி திறப்பதால் சளியையும் சோதிக்க வேண்டும். இவருக்கு ரத்த அழுத்தத்தைத் தவறாமல் அளப்பது முக்கியம். ஸ்கிளிரோடெர்மாவில், குறிப்பாக ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் எதிர்ப்பொருள் உள்ளவர்களில், சிறுநீரகம் திடீரென்று செயலிழப்பதுண்டு. அதிக அளவு ஸ்டீராய்டு அந்த ஆபத்தைக் கூட்டும். ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ், லூபஸாக இருக்கலாம்’ என்று ஸ்டீராய்டு தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

மூன்றாமவருக்குக் காய்ச்சல், மூட்டு வலி, முகத்திலும் கைகளிலும் தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள், சிறுநீரில் லேசான புரதம். புத்தகத்தில் படித்த லூபஸ் போலவே இருக்கிறது, அறிக்கையும் ஆமோதிக்கிறது. ஆனால் செங்கல்பட்டை அடுத்த திருமணியில்தான் மத்திய தொழுநோய் கற்பித்தல் மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லமாக இருந்த அதை 1955இல் இந்திய அரசு ஏற்றது. இந்த மண்ணில் மருத்துவம் பார்ப்பவர் தொழுநோயை மறப்பதற்கில்லை. கிருமி மிகுந்த தொழுநோய் வகையில் எதிர்ப்பொருள் உற்பத்தி கட்டின்றிப் பெருகுகிறது. ஒரு பகுதியினருக்கு ஏ.என்.ஏ.வும், முடக்குவாதக் காரணியும், ஃபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருளும் பாசிட்டிவாகின்றன. அதன் இரண்டாம் வகை எதிர்வினைதான் காய்ச்சலும் முடிச்சும் மூட்டு வலியுமாக வெளிப்படுவது. இவருக்கு இ.என்.ஏ. தொகுப்பு எழுதுவதற்கு முன், முழங்கையின் உட்பக்கம் ஓடும் அல்நார் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தோலில் பஞ்சு நுனியால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். காது மடலில் சிறு கீறலிட்டு எடுக்கும் தோல் சாற்றில் கிருமியைத் தேட வேண்டும். இவற்றைத் தவிர்த்து ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் முடிச்சுகள் அடங்கும், கிருமி உள்ளே பெருகும், நரம்பு போகும். பலமருந்துச் சிகிச்சை தொடங்க வேண்டிய மாதங்கள் வீணாகும்.

அறிகுறிகளைக் கொண்டே அடுத்த பரிசோதனையை முடிவு செய்ய வேண்டும் என்ற இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2003இல் அர்பக்கிள் குழுவினர், அமெரிக்கப் படைவீரர்கள் பணியில் சேர்ந்தபோதும் அதன் பிறகும் எடுத்து உறையவைத்த சீரங்களைத் தேடி எடுத்தார்கள். பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரில் 88 சதவீதம் பேருக்கு, நோய் கண்டறியப்படும் முன்பே ஏதோ ஒரு தன்னெதிர்ப்பொருள் இருந்தது. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பாகவே. ‘அப்படியானால் பாசிட்டிவ் வந்த எல்லோரையும் இப்போதே முழுமையாகச் சோதித்துவிடலாமே?’ என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த ஆய்வு நோயாளிகளிடமிருந்து பின்னோக்கிப் பார்த்தது. கையில் அறிக்கையோடு நிற்பவர் முன்னோக்கிப் பார்க்க வேண்டும். நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு முன்பே எதிர்ப்பொருள் இருந்தது என்பதிலிருந்து, எதிர்ப்பொருள் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வரும் என்று முடிவு செய்ய முடியாது. மேலே போட்ட கணக்கு அதைத்தான் காட்டியது. பத்துப் பதினைந்து எதிர்ப்பொருள்களை ஒரே பட்டையில் தேடினால், ஏதாவது ஒன்று மங்கலாகப் பாசிட்டிவாகும் வாய்ப்பும் கூடும். அந்த மங்கல் கோடு ஒரு புதுப் பயத்தையும் புதுப் பரிசோதனைகளையும் கொண்டுவரும். அதனால்தான் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 2013இல், ஏ.என்.ஏ. பாசிட்டிவும் நோய்ச் சந்தேகமும் இல்லாமல் உட்பிரிவு எதிர்ப்பொருள்களைத் தேட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இதற்கு விதிவிலக்கும் உண்டு. ரோ, ஜோ-1 எதிர்ப்பொருள்கள் ஹெப்-2 தகட்டில் தெரியாமல் போகலாம். வாயும் கண்ணும் வறண்டவருக்கோ, தசை பலவீனத்தோடு நுரையீரல் பாதித்தவருக்கோ, ஏ.என்.ஏ. நெகட்டிவ் என்றாலும் அவற்றைத் தனியே கேட்க வேண்டும். இந்த விதிவிலக்கும் உடலின் அறிகுறிகளிலிருந்தே கிளம்புகிறது என்பதைக் கவனிக்கலாம்.

ஆகவே நல்ல ஏ.என்.ஏ. பரிசோதனை தொடங்கும் இடம், மருத்துவர் எழுதும் பரிந்துரைச் சீட்டு. எந்த நோயைச் சந்தேகிக்கிறேன், எந்த அறிகுறியால் சந்தேகிக்கிறேன் என்று ஒரு வரி எழுத முடிந்தால் மட்டுமே இந்தப் பரிசோதனையைக் கேட்கலாம். அந்த வரி இருந்தால் 1:320 என்ற எண் சந்தேகத்தை வலுவாக்கும், வடிவம் அடுத்த பரிசோதனையைத் தேர்ந்தெடுக்க உதவும். அந்த வரி இல்லாமலே அறிக்கை வந்துவிட்டவருக்கும் வழி உண்டு: ஒரு முழு உடல் பரிசோதனை, ஒரு ரத்த எண்ணிக்கை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. இந்த மூன்றிலும் ஒன்றும் தெரியவில்லையென்றால், என்னென்ன அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, ஏ.என்.ஏ.வை மறுபடி செய்யாமல் விட்டுவிடலாம்.